இருப்பாய்வு: கூட்டல் பொருந்தினால் கணக்கு சரியாகிவிடுமா?

ஒரு வணிகத்தின் பேரேட்டில் உள்ள எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்து, பற்று இருப்புகளை ஒரு பத்தியிலும் வரவு இருப்புகளை மற்றொரு பத்தியிலும் எழுதிக் கூட்டிப் பார்க்கும் பட்டியலே இருப்பாய்வு. கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் இதை டிரையல் பேலன்ஸ் என்பார்கள். இலங்கைப் பாடநூல்களில் இதன் பெயர் பரீட்சை மீதி. இரண்டு பத்திகளும் ஒரே தொகையில் முடிந்தால் இருப்பாய்வு பொருந்திவிட்டது என்று சொல்வது வழக்கம். அந்தப் பொருத்தம் எதை உறுதிசெய்கிறது, எதை உறுதிசெய்வதில்லை என்பது இருப்பாய்வு உருவாகும் விதத்திலேயே அடங்கியிருக்கிறது.

இரு பக்கமும் ஏன் சமமாகின்றன

இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு நடவடிக்கையும் குறைந்தது இரண்டு கணக்குகளைத் தொடும். ஒன்றில் பற்று எழுதினால், அதே தொகையை மற்றொன்றில் வரவு எழுத வேண்டும். இதில் புதியவர்களைக் குழப்பும் ஒரு சொல் உண்டு. அன்றாடப் பேச்சில் வரவு என்றால் கைக்கு வந்த பணம். கணக்கேட்டிலோ கடைக்கு வந்த ரொக்கம், ரொக்கக் கணக்கின் பற்றுப் பக்கத்தில்தான் ஏறும். மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கியவர் பெயரில் பற்று எழுதுவார்கள். பொருளைப் பெற்றுக்கொண்டவர் அவர் என்பது பொருள். அதேபோல் ரொக்கக் கணக்கும் பணத்தைப் பெற்றுக்கொள்கிறது, ஆகவே அதற்குப் பற்று. இதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

ஒவ்வொரு பதிவிலும் பற்றும் வரவும் சமம் என்றால், ஆயிரம் பதிவுகளைச் சேர்த்தாலும் மொத்தப் பற்றும் மொத்த வரவும் சமமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கணக்கிலும் இரு பக்கங்களையும் கழித்து மிச்சத்தை மட்டும் எடுத்தாலும் அந்தச் சமநிலை குலையாது. இருப்பாய்வின் அடிப்படை இவ்வளவுதான். வெனிஸ் வணிகர்களின் கணக்குமுறையை 1494-இல் அச்சில் விளக்கிய லூக்கா பாசியோலி என்ற கணித அறிஞரும், பேரேட்டை முடிக்கும்போது பற்று இருப்புகளை ஒரு பக்கமும் வரவு இருப்புகளை மறுபக்கமும் கூட்டி ஒப்பிடும்படியே சொல்லியிருக்கிறார்.

ஒரு பாத்திரக்கடையின் முதல் மாதம்

ஏப்ரல் 1 அன்று தொடங்கும் ஒரு பாத்திரக்கடையை எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் முதலாக 2,00,000 ரூபாய் ரொக்கம் கொண்டுவருகிறார். அதில் 30,000 ரூபாய்க்கு அலமாரிகள் வாங்குகிறார். ஒரு மொத்த வியாபாரியிடம் 90,000 ரூபாய்க்குப் பாத்திரங்களைக் கடனாக எடுக்கிறார். மாதத்தில் ரொக்க விற்பனை 60,000 ரூபாய். பக்கத்து ஓட்டலுக்கு 25,000 ரூபாய்ப் பாத்திரம் கடனுக்குப் போகிறது. கடை வாடகை 8,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்கப்படுகிறது. மாத இறுதியில் மொத்த வியாபாரிக்கு 40,000 ரூபாய் செலுத்துகிறார். ஓட்டல்காரர் தன் கடனில் 10,000 ரூபாய் தருகிறார்.

இந்த எட்டு நடவடிக்கைகளும் முதலில் குறிப்பேட்டில் பதிவாகும். அங்கிருந்து ஒவ்வொன்றும் பேரேட்டில் உரிய கணக்குகளுக்கு எடுத்தெழுதப்படும். பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் இருப்புக் கட்டுவார்கள். ரொக்கக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் 2,00,000, 60,000, 10,000 சேர்ந்து 2,70,000 நிற்கும். வரவுப் பக்கத்தில் அலமாரி, வாடகை, மொத்த வியாபாரிக்குக் கொடுத்தது எல்லாம் சேர்ந்து 78,000. மிச்சம் 1,92,000 ரூபாய் பற்று இருப்பு. ஓட்டல் கணக்கில் 25,000 பற்று, 10,000 வரவு. இருப்பு 15,000 பற்று. மொத்த வியாபாரி கணக்கில் 90,000 வரவு, 40,000 பற்று. இருப்பு 50,000 வரவு. இப்படி எல்லா இருப்புகளையும் ஒரே தாளில் எழுதினால் ஏப்ரல் 30 அன்றைய இருப்பாய்வு கிடைக்கும்.

| கணக்கு | பற்று (ரூ.) | வரவு (ரூ.) |
|---|---|---|
| ரொக்கம் | 1,92,000 | |
| அறைகலன் (அலமாரிகள்) | 30,000 | |
| கொள்முதல் | 90,000 | |
| ஓட்டல் (கடனாளி) | 15,000 | |
| வாடகை | 8,000 | |
| முதல் | | 2,00,000 |
| மொத்த வியாபாரி (கடனீந்தவர்) | | 50,000 |
| விற்பனை | | 85,000 |
| மொத்தம் | 3,35,000 | 3,35,000 |

பொதுவாகச் சொத்துகளும் செலவுகளும் பற்று இருப்பையும், முதலும் கடன்களும் வருமானங்களும் வரவு இருப்பையும் காட்டும். அந்த ஒழுங்கு இந்தப் பட்டியலில் தெரிகிறது. இனி இலாபம் கணக்கிடவும் இருப்புநிலைக் குறிப்பு தயாரிக்கவும் பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை; இந்த எட்டு வரிகளும், மாத இறுதியில் எண்ணிய சரக்கின் மதிப்பும் போதும். இந்தக் கடையில் விற்காமல் மிஞ்சிய சரக்கு 35,000 ரூபாய் என்று கொண்டால், விற்ற சரக்கின் அடக்கம் 55,000. அதையும் வாடகை 8,000-ஐயும் விற்பனையிலிருந்து கழித்தால், அலமாரியின் தேய்மானத்தைச் சேர்க்காமல், இலாபம் 22,000 ரூபாய்.

பொருந்தாவிட்டால் தேடும் வழி

இரு மொத்தங்களும் வேறுபட்டால் எங்கோ பிழை இருப்பது உறுதி. ஒரு பக்கம் மட்டும் எழுதி மறுபக்கத்தை விட்டிருக்கலாம். இரு பக்கங்களில் வெவ்வேறு தொகை ஏறியிருக்கலாம். ஒரு கணக்கைக் கூட்டியதிலோ இருப்பை இருப்பாய்வுக்குக் கொண்டுவந்ததிலோ தவறு நேர்ந்திருக்கலாம். அனுபவமுள்ள கணக்கர் உடனே எல்லா ஏட்டையும் திறக்க மாட்டார். முதலில் இருப்பாய்வின் இரு பத்திகளையும் மறுபடி கூட்டுவார். அடுத்து, பேரேட்டில் உள்ள எல்லா இருப்புகளும் பட்டியலுக்கு வந்துவிட்டனவா என்று பார்ப்பார். வித்தியாசத் தொகைக்குச் சமமான இருப்பு ஏதாவது பேரேட்டில் இருந்து, பட்டியலில் இல்லாமல் போயிருந்தால் அதுவே பிழை.

அதிலும் அகப்படவில்லை என்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்ப்பார். பாத்திரக்கடையின் வாடகை 8,000-ஐத் தவறுதலாக வரவுப் பத்தியில் எழுதிவிட்டதாகக் கொள்ளலாம். பற்று மொத்தம் 3,27,000 ஆகக் குறையும், வரவு மொத்தம் 3,43,000 ஆகக் கூடும். வித்தியாசம் 16,000. ஒரு தொகை பக்கம் மாறி ஏறினால் வித்தியாசம் அதன் இரு மடங்காகத்தான் இருக்கும். ஆகவே பாதித் தொகையான 8,000-ஐத் தேடினால் வாடகை கண்ணில் படும்.

மற்றொரு சோதனை ஒன்பதால் வகுப்பது. ஓட்டல் கணக்கில் 25,000-க்குப் பதிலாக 52,000 என்று எடுத்தெழுதினால், வித்தியாசம் 27,000. அது ஒன்பதால் மீதமின்றி வகுபடும். இலக்கங்கள் இடம் மாறினாலும், 8,000-ஐ 800 என்று ஒரு சுழியம் விட்டு எழுதினாலும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே அமையும்; இது எண்களின் இயல்பு. ஆனால் மறுதலையாகச் சொல்ல முடியாது. ஒன்பதால் வகுபடும் வித்தியாசம் வேறு காரணத்தாலும் வரலாம். எங்கே முதலில் தேடுவது என்பதைத்தான் இந்தச் சோதனை காட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை சிக்காமல், இறுதிக் கணக்கைத் தள்ளிப்போடவும் முடியாத நிலையில், வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கு என்ற தற்காலிகக் கணக்கில் வைப்பார்கள். பிழை தெரியவரும்போது திருத்தப் பதிவு எழுதி அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். அனாமத்துத் தொகை சிறிது என்பதால் பிழையும் சிறிது என்று எண்ணிவிடக்கூடாது. பற்றில் 20,500 ரூபாய்ப் பிழையும் வரவில் 20,000 ரூபாய்ப் பிழையும் நேர்ந்திருந்தால், வெளியே தெரிவது 500 ரூபாய் மட்டுமே.

பொருந்தினால் எது உறுதியாகிறது

இருப்பாய்வு பொருந்தியதிலிருந்து, பேரேட்டில் ஏறிய மொத்தப் பற்றும் மொத்த வரவும் சமம் என்று மட்டும் உறுதியாகக் கூறலாம். எடுத்தெழுதியதும் கூட்டியதும் பெரும்பாலும் ஒழுங்காக நடந்திருக்கின்றன என்று அதிலிருந்து ஊகிக்கலாம். எழுதப்பட்டவை எல்லாம் உண்மையில் நடந்தவையா, நடந்தவை எல்லாம் எழுதப்பட்டனவா, எழுதியவை உரிய கணக்கில்தான் ஏறினவா என்பவற்றுக்கு இருப்பாய்வில் விடை கிடையாது.

ஒரு தராசை நினைத்தால் இதன் காரணம் விளங்கும். இரு தட்டுகளிலும் ஒரே எடையைக் கூட்டினாலோ குறைத்தாலோ முள் அசையாது. ஒரே தட்டுக்குள் பொருள்களை இடம் மாற்றினாலும் அசையாது. ஒன்றையொன்று ஈடுகட்டும் இரண்டு தவறுகள் நேர்ந்தாலும் அசையாது. இருப்பாய்வின் கண்ணுக்குத் தப்பும் பிழைகள் எல்லாம் இந்த மூன்று வகைக்குள் அடங்கும்.

இரு பக்கமும் ஒன்றாக மாறும் பிழைகள்

முதலாவது முழு விடுபிழை. ஓட்டலுக்கு விற்ற 25,000 ரூபாய்ப் பில் குறிப்பேட்டிலேயே ஏறாமல் போனால், பற்றும் இல்லை, வரவும் இல்லை. ஓட்டல்காரர் கொடுத்த 10,000 மட்டும் பதிவாகியிருக்கும். அப்போது இரு பத்திகளும் 3,20,000 என்று பொருந்தும். விற்பனை 60,000 மட்டுமே தெரியும். 22,000 ரூபாய் இலாபம் மறைந்து 3,000 ரூபாய் நட்டம் தோன்றும். ஆனால் பட்டியலைக் கூர்ந்து படிப்பவருக்கு ஒரு தடயம் கிடைக்கும். கடனாளியான ஓட்டல், 10,000 ரூபாய் வரவு இருப்புடன் நிற்கும். வாடிக்கையாளருக்குக் கடை கடன்பட்டிருப்பது போன்ற இந்தக் காட்சி முன்பணம் வாங்கிய இடங்களில் இயல்பு. முன்பணம் வாங்காத இடத்தில் அது ஒரு பில் விடுபட்டதன் அறிகுறி.

இரண்டாவது, தொடக்கப் பதிவிலேயே தொகை தவறுவது. மொத்த வியாபாரியின் 90,000 ரூபாய்ப் பில்லைக் கொள்முதல் ஏட்டில் 60,000 என்று எழுதினால், கொள்முதல் கணக்கிலும் வியாபாரி கணக்கிலும் அதே தவறான தொகைதான் ஏறும். இருப்பாய்வு 3,05,000 என்று பொருந்தும். வியாபாரிக்குத் தரவேண்டியது 50,000-க்குப் பதிலாக 20,000 என்று காட்டும். இலாபம் 22,000-லிருந்து 52,000 ஆக உயர்ந்து தோன்றும். ஒரே பில்லை இரண்டு முறை பதிவதும் இதே இனம்தான். தொகை கூடும் என்பது மட்டுமே வேறுபாடு.

மூன்றாவது, பற்றும் வரவும் தலைகீழாவது. ஓட்டல்காரரிடம் வாங்கிய 10,000-ஐ அவருக்குக் கொடுத்ததாகப் பதிந்தால், ரொக்கம் 1,72,000 ஆகவும் ஓட்டலின் பாக்கி 35,000 ஆகவும் மாறும். மொத்தமோ பழையபடி 3,35,000-தான். கல்லாவில் உள்ள பணத்தை எண்ணி ரொக்க ஏட்டுடன் ஒப்பிட்டால், 20,000 ரூபாய் கூடுதலாக இருப்பது வெளிப்பட்டுவிடும்.

ஒரே பக்கத்துக்குள் இடம் மாறும் பிழைகள்

இவற்றில் மிகவும் கவனிக்க வேண்டியது விதிப்பிழை. அலமாரி பல ஆண்டுகள் பயன்படும் சொத்து. அதற்குச் செலவிட்ட பணம் முதலினச் செலவு. விற்பதற்காக வாங்கும் பாத்திரம் கொள்முதல். அலமாரிக்கான 30,000 ரூபாயைக் கொள்முதல் கணக்கில் எழுதினால் அறைகலன் வரி மறைந்து, கொள்முதல் 1,20,000 ஆகும். இரண்டும் பற்று இருப்புகளே என்பதால் மொத்தத்தில் ஒரு ரூபாய்கூட மாறாது. ஆனால் 22,000 ரூபாய் இலாபம் 8,000 ரூபாய் நட்டமாகிவிடும். கடையில் நிற்கும் அலமாரி இருப்புநிலைக் குறிப்பில் இருக்காது. ஒரு கட்டடத்தைப் பழுதுபார்த்த செலவைக் கட்டடத்தின் மதிப்பிலேயே சேர்த்தால் இதற்கு நேர்மாறாக இலாபம் கூடுதலாகத் தோன்றும். கூட்டல் கழித்தலில் தவறே செய்யாதவரும் இந்தப் பிழையைச் செய்யலாம். எது சொத்து, எது செலவு என்பதை முடிவு செய்வதில் நேரும் பிழை இது.

ஆள் மாறி எழுதும் பிழையும் இந்த வகையே. ஓட்டல்காரர் கொடுத்த 10,000-ஐ வேறொரு வாடிக்கையாளரின் கணக்கில் வரவு வைத்தால், இருப்பாய்வும் மாறாது, இலாபமும் மாறாது. பணம் கொடுத்தவரிடமே மறுபடி பாக்கி கேட்க நேரும்; கொடுக்காதவரின் பாக்கி தீர்ந்ததாகத் தோன்றும்.

ஒன்றையொன்று மறைக்கும் பிழைகள்

ஈடுசெய் பிழை என்பது தொடர்பில்லாத இரண்டு பிழைகள் தற்செயலாக ஒரே தொகையில் எதிரெதிராக அமைவது. வாடகை இருப்பை 8,000-க்குப் பதிலாக 9,000 என்றும், ஓட்டலின் இருப்பை 15,000-க்குப் பதிலாக 14,000 என்றும் எழுதினால், பற்று மொத்தம் 3,35,000-ஆகவே நிற்கும். இலாபம் 21,000 ஆகக் குறைந்ததும், ஓட்டலிடம் வரவேண்டியதில் ஆயிரம் ரூபாய் காணாமல் போனதும் மொத்தத்தைப் பார்த்துத் தெரியாது. தற்செயலாக நேரக்கூடிய இதையே வேண்டுமென்றே செய்து மோசடியை மறைக்கவும் முடியும். ரொக்க விற்பனைப் பணத்தைக் கல்லாவில் போடாமல், பில்லும் எழுதாமல் எடுத்துக்கொண்டால் அது முழு விடுபிழையின் உருவில் ஒளிந்துகொள்ளும். இருப்பாய்வு அதையும் காட்டாது.

கணினியில் எழுதும் கணக்கு

கையால் பேரேடு எழுதிய காலத்தில், இருப்பாய்வைப் பொருத்துவதற்கே கணக்கர்கள் பல நாள் செலவிட்டார்கள். டேலி போன்ற கணக்கு மென்பொருள்களில் பற்றும் வரவும் சமமில்லாத பதிவைச் சேமிக்கவே முடியாது. எடுத்தெழுதுவதும் கூட்டுவதும் மென்பொருளே. ஆகவே மாத நடவடிக்கைகளைப் பொறுத்தவரை இருப்பாய்வு எப்போதும் பொருந்தியே இருக்கும். பழைய கணக்கிலிருந்து தொடக்க இருப்புகளைப் பதிவேற்றும்போது சமமில்லாமல் போனால் மட்டும், அந்த வித்தியாசத்தை மென்பொருள் தனி வரியாகக் காட்டும்.

இதன் விளைவைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இருப்பாய்வால் பிடிக்கக்கூடிய பிழைகளைக் கணினி பெரும்பாலும் ஒழித்துவிட்டது. அதனால் பிடிக்க முடியாத பிழைகள் அப்படியே தங்கிவிட்டன. பட்டியலில் தவறான கணக்கின் பெயரைத் தேர்ந்தெடுப்பதும், ஒரே பில்லை இரண்டு முறை பதிவதும் கணினியில் கையெழுத்தைவிட எளிதாக நேர்கின்றன. திரையில் தெரியும் சமமான இரு மொத்தங்களைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு அங்கே காரணம் எதுவும் இல்லை.

தப்பிய பிழைகள் எங்கே சிக்கும்

இந்தப் பிழைகளைப் பிடிக்க, ஏட்டுக்கு வெளியே உள்ள சான்றுடன் ஏட்டை ஒப்பிட வேண்டும். ஏட்டுக்குள்ளேயே கூட்டிப் பார்ப்பதால் பயனில்லை. ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியை வங்கி அறிக்கையுடன் வரி வரியாகப் பொருத்தி, வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரித்தால், விடுபட்ட செலுத்தல்களும் தவறான தொகைகளும் தெரியும். கடனாளிகளுக்கும் கடனீந்தோருக்கும் இருப்பு உறுதிக் கடிதம் அனுப்பினால் ஆள் மாறிய பதிவுகள் வெளிவரும். பாத்திரக்கடையில் 90,000-ஐ 60,000 என்று எழுதிய பிழை, மொத்த வியாபாரியின் கணக்கு நகல் வந்த அன்றே வெட்டவெளிச்சமாகும். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்களுக்கு மற்றொரு வசதி உண்டு. விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் விவரம் GSTR-2B அறிக்கையில் வரும். அதைக் கொள்முதல் ஏட்டுடன் ஒப்பிட்டால் விடுபட்ட பில்லும் தொகை மாறிய பில்லும் அகப்படும்.

விதிப்பிழைக்கு இந்த ஒப்பீடுகள் போதாது. பெரிய தொகைகளின் பில்களை எடுத்து, வாங்கியது என்ன, அது எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும். இருப்பாய்வையே வேறு விதமாகப் படிப்பதும் இங்கே உதவும். மொத்தத்தை விட்டுவிட்டு வரிகளைப் பார்த்தால், சென்ற மாதத்தைவிடத் திடீரென்று வீங்கிய கொள்முதல், வரவு இருப்பு காட்டும் கடனாளி, எதிர்மறையாக நிற்கும் ரொக்கம், மாதக் கணக்காகத் தீராத அனாமத்து ஆகியவை தெரியும். பாத்திரக்கடையின் பட்டியலில் கொள்முதல் 1,20,000 என்றும் அறைகலன் வரியே இல்லை என்றும் இருந்தால், கடைக்குள் நிற்கும் அலமாரிகளைப் பார்த்த எவருக்கும் எந்தப் பில்லைத் தேட வேண்டும் என்பது புரிந்துவிடும்.